ஒன்றிலிருந்து இரண்டு

பாகூர்ப் பள்ளியொன்றில் அஞ்சலாட்சி பதினோரு வருடமாக ஒப்பந்த ஆசிரியை. உயிரியலில் பிள்ளைகள் தேறினால்தான் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்.

முன்தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு வரைபடம் வந்தது. செல்லின் டி.என்.ஏ. அளவு இரண்டிலிருந்து சாய்வாக நான்குக்கு ஏறி, இரண்டாகி, ஒன்றாகி, கடைசியில் செங்குத்தாக இரண்டுக்குத் தாவியது. அந்தத் தாவல் என்ன? பிள்ளைகள் அத்தனை பேரும் ‘கருவுறுதல்’ என்று எழுதினார்கள். விடைக்குறிப்போ ‘டி.என்.ஏ. இரட்டிப்பு’ என்றது.

“சார், இரட்டிப்புன்னா கொஞ்சங்கொஞ்சமா ஏறும். இது விந்தும் முட்டையும் சேர்றது,” என்றாள் அஞ்சலாட்சி.

“கீ-ல இன்னா இருக்கோ அதான்மா சரி,” என்றார் தலைமை ஆசிரியர். “போட்டு முடி.”

தன் கையாலேயே அவள் சுழியம் போட்டாள். அந்த ஐந்து மதிப்பெண் போனதில் பத்தொன்பது பேர் தேர்வில் தவறினார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் ஒரே வரியில் இருந்தது: பாட அறிவு போதாது.