எப்சிபா சொல்லாத சொல்

கோவில்பட்டி ஆஸ்பத்திரி ஒன்றில் பத்தொன்பது வருஷம் போன் எடுத்தவள் எப்சிபா. நோயாளிகளின் வீட்டுக்குத் தகவல் சொல்வதும் அவள்தான். பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். ‘சீரியஸ்’ என்றால் நிலைமை மோசம் என்றுதான் கல்லூரியில் கற்றிருந்தாள். ஊர் வழக்கு வேறு. செத்துப்போனதைப் போனில் சொல்ல வாய் வராதவர்கள் எடுக்கும் சொல் அது. “அப்பா சீரியஸ், கெளம்பி வா” என்றால் கேட்பவர் அங்கேயே அழுது முடித்துவிடுவார். பிறகு பங்காளிகளைத் திரட்டி, வேன் பேசி, மாலை வாங்கி நிதானமாக வருவார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் சொன்ன ‘சீரியஸ்’ஐக் கேட்டு ஒரு சாத்தூர்க் குடும்பம் அப்படித்தான் வந்து இறங்கியது. அவர்கள் வீட்டுப் பெரியவர் கட்டிலில் பதினோரு மணி நேரம் வாசலையே பார்த்துக் கிடந்து, அரைமணிக்கு முன்புதான் அடங்கியிருந்தார். அதன்பின் எப்சிபா அந்தச் சொல்லைத் தொடவில்லை.

ஒரு காலையில் டாக்டர் வந்து, “பேச்சியம்மா ரொம்ப சீரியஸ். நாளைக்குத் தாங்காது. மகனுக்குச் சொல்லிருங்க” என்றார். மகன் செண்பகராஜுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை.

“தம்பி, அம்மா உங்களத் தேடுதாக. இப்பமே பஸ் ஏறுங்க.”

 “எத்தன மணிக்குக்கா உசுரு போச்சு?” என்றான் அவன்.

“ஐயோ, உசுரோட இருக்காக தம்பி!”

“எங்கப்பாவுக்கும் இப்படித்தான் சொன்னாக. மறைக்காதீக. மாமாமாரக் கூட்டிக்கிட்டு வேன்ல வாரேன்.”

வேன் புறப்பட்டு வந்து சேர மறுநாள் ஆகிவிடும். எப்சிபா தன் செல்லிலிருந்து அவனைத் திரும்ப அழைத்தபடி வார்டுக்கு ஓடினாள். நர்ஸ் முறைத்தாள்.

“ஆக்சிஜன் போகுதுல்லக்கா?”

“ரெண்டே வார்த்த, தாயி.”

பேச்சியம்மாவின் முகமூடியை விலக்கிக் காதில் போனை வைத்ததும் கிழவி மூச்சைப் பிடித்துக்கொண்டு திட்டினாள்.

“ஏல லூசுப்பயலே, அங்க என்னல செய்த? இவளுக ஊசியக் குத்திக் குத்தி டார்ச்சர் பண்ணுதாளுக. வந்து கேளுல!”

நகக்கண்ணில் ஊசி ஏற்றும் கொடுமைக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் டார்ச்சர். இங்கே அது சிணுங்கல். ஓயாமல் ஹாரன் அடிப்பவனும் டார்ச்சர்தான். லூசும் அப்படியே. அடுத்தவர் சொன்னால் கைகலப்பு, அம்மா சொன்னால் கொஞ்சல். சாவை மறைக்கும் எந்தச் சொந்தக்காரருக்கும் இந்த இரண்டையும் இட்டுக்கட்டிச் சொல்லத் தெரியாது.

“வாரேம்மா” என்று கத்தினான் செண்பகராஜ்.

அன்று மாலை ஐந்து மணிக்கே தனியாக வந்தான், தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு. இரவு எட்டு மணிவரை பேச்சியம்மா பேசினாள், பெரும்பாலும் வசவுதான். விடியுமுன் போய்விட்டாள்.

காலையில் வார்டு ஊழியர், “பாடிய எடுத்துரலாமா?” என்றார். உயிரோடிருக்கும் நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லாத சொல். செண்பகராஜ் விலுக்கென்று நிமிர்ந்தான்.

“‘அம்மாவ’ன்னு சொல்லுங்கண்ணே” என்றாள் எப்சிபா.

“அம்மாவ எடுத்துரலாமா தம்பி?” என்று அவர் மறுபடி கேட்டார். அவன் தலையாட்டிவிட்டுக் கால்மாட்டைத் தானே பிடித்துக்கொண்டான்.