மோர் டம்ளர் கணக்கு

இருபது வருஷமாக மலைக்கோயிலுக்கு வேன் ஓட்டும் தேசப்பனின் லைசென்சில் ஒரு கறையும் கிடையாது. நேற்று மச்சான் வீட்டு விசேஷத்தில் குடித்தவர், காலையில் போதை இறங்கிவிட்டதா என்று கணக்குச் சொல்லும் செல்போன் ஆப்பில் எடை தொண்ணூறு கிலோ, குடித்தது ரெண்டு டம்ளர் என்று போட்டார். ரத்தத்தில் இப்போது மது பூஜ்யம் என்றது.

ஷெட்டில் முதலாளி பிரேமா, குடித்திருக்கிறாரா என்று ஊதிப் பார்க்கும் கருவியை நீட்டினாள். ஊதினார். நாற்பத்திரண்டு. நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராமைத் தாண்டி வண்டி ஓட்டினால் குற்றம்.

“போன் பூஜ்யம்னுச்சே!”

“எந்த டம்ளருண்ணா?”

“மோர் டம்ளரு.”

“அது ஒரு டம்ளர முப்பது மில்லின்னு நெனச்சிக்கினு இருக்கு! உங்க தொப்பையயும் எடையில சேத்துடுச்சி. சரக்கு ஒடம்புத் தண்ணியிலதான் கலக்கும், கொழுப்புல இல்ல. எறங்குற வேகமும் ஆளுக்கு ஆள் மாறும்.”

“ஆங், நீ சொன்னா சரிம்மா.”

சாவியை இன்னொரு டிரைவர் முருகவேலிடம் கொடுத்துவிட்டு, வேனில் பக்தர்களோடு ஜன்னலோரம் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் மலைப்பாதையை அன்றுதான் நிதானமாகப் பார்த்தார்.