மகனுக்கு முன்னால் மருமகன்

வெள்ளவத்தையில் எங்கள் அச்சகத்தில் இறந்தவர்களின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கென்று ஒரு மாதிரிப் பிரதி வைத்திருக்கிறேன். பெயர் வரவேண்டிய இடங்களில் ‘மகன்’, ‘மருமகன்’ என்றுதான் இருக்கும். எந்தச் சொல்லுக்கு எந்தப் பெயர் என்று பட்டியல் கொடுத்தால், கணினி மேலிருந்து கீழாக மாற்றிக்கொண்டு போகும்.

போன மாதம் ஓர் அம்மாவின் மலருக்குப் பட்டியலில் ‘மகன்’ வரியை முதலில் வைத்துவிட்டேன். ‘மருமகன்’ என்ற சொல்லுக்குள்ளும் ‘மகன்’ இருக்கிறதே! அங்கேயும் மகனின் பெயர் ஏறியது. முன்னால் ‘மரு’ மட்டும் மிஞ்சியது. அடுத்த வரி தேடிப் போனபோது ‘மருமகன்’ எங்குமே இல்லை. நீளமான சொல்லை முதலில் மாற்ற வேண்டுமென்று பிறருக்குச் சொல்லிக்கொடுக்கிற மடையன் நான், வாசித்தும் பார்க்காமல் அச்சடித்தேன்.

அந்த அம்மாவின் மருமகன் மலரோடு கடைக்கு வந்தார். ‘கடைசிவரை கட்டிலருகே இருந்து பார்த்தவர்’ என்ற வரியைத் தொட்டுக் காட்டினார். அதன் பக்கத்தில், முன்னால் ‘மரு’ ஒட்டியபடி, கனடாவில் இருக்கும் மகனின் பெயர்.

“இப்பவே திருத்தி அடிச்சுத் தாறன் அண்ணை.”

“எல்லாருக்கும் குடுத்து முடிஞ்சுது தம்பி. மாமி என்னை மகன் எண்டுதான் கூப்பிடுறவ.”

அதைக் கேட்டு எனக்கு மூச்சு வந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

“ஆனா,” என்றார், “இது என்ர பேர் இல்லையே.”