மாமா இல்லாத ஸ்லைடு

எங்கள் கம்பெனியில் இரண்டே பேர், நானும் கல்லூரியில் என்னோடு படித்தவளும். வில்லியனூர்ப் பக்கம் மாதா கோயில் தெருக்காரி. சென்னையில் நல்ல வேலையில் இருந்தவள், அதை விட்டுவிட்டு வந்தாள். விவசாயி போனிலேயே நெல் அறுப்பு மிஷினை புக் செய்ய ஓர் ஆப் செய்தோம். கையிருப்பு கரைந்துகொண்டே வந்தது. முதலீடு கிடைக்காவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

புதுச்சேரியில் முதலீடு செய்யும் ஓர் அம்மாவைப் பார்க்க நேரம் கிடைத்தது. சந்தை எவ்வளவு பெரிது என்று காட்டும் ஸ்லைடை நான்தான் செய்திருந்தேன். இந்தியா முழுக்க அறுவடைக்கு ஆகும் செலவை எங்கிருந்தோ எடுத்துப் பெரிய வட்டமாகப் போட்டு, அதில் நூற்றில் ஒரு பங்கு வந்தால் போதும் என்று எழுதியிருந்தேன். அடுத்தது போட்டி ஸ்லைடு. இரண்டு பெரிய ஆப்களுக்கு நேராகப் பெருக்கல் குறி, எங்களுக்கு நேராக எல்லாமே டிக். அவ்வளவு திமிர் எனக்கு.

அந்தம்மா முதல் ஸ்லைடுக்கே திரும்பிப் போனார். "நூத்துல ஒண்ணு எப்படி வரும்? யாரு போய் வாங்கிட்டு வருவா? சரி, அத விடுங்க. நீங்க இல்லன்னா குருவிநத்தத்துல ஒரு விவசாயி யாருக்கு போன் பண்ணுவாரு?"

"ஒழுங்கான ஏற்பாடு ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன்.

வாய் கூசாமல் சொன்னேன். அந்த ஊர் இருக்கும் பாகூர்ப் பக்கம் அறுப்பு வந்தால் பாதிப் பேர் போன் செய்வது என் தாய்மாமாவுக்கு. ஆத்தூர்ப் பக்கமிருந்து மிஷின்களை இறக்கி, டிரைவர்களுக்கு இடமும் சோறும் கொடுத்து, வயல் வயலாக அனுப்பும் ஏஜென்ட் அவர். எனக்குக் காது குத்தியபோது மடியில் உட்கார வைத்திருந்த மனிதரைப் போட்டியாளர் என்று கட்டம் கட்டிப் போடுவதா? என் அம்மா காதில் விழுந்தால் வூடே ரெண்டாகிவிடும். அதனால் அவரை எழுதவே இல்லை. எழுதாமல் விட்டதால் அவர் இல்லாமல் போய்விடுவாரா?

"மூணு வாரம் தர்றேன். மேலருந்து கீழ வராதீங்க. ஒரு ஊர்லருந்து எண்ணிட்டு வாங்க. இப்ப அந்த வேலைய செய்றவங்க எல்லாரையும் எழுதுங்க" என்றார் அந்தம்மா.

வெளியே வந்ததும் கூட்டாளி பிடித்துக்கொண்டாள். "உங்க மாமாவ ஏன்டா சொல்லல?"

"எப்படி சொல்றது?"

"இன்னாடா எப்படி சொல்றது? நாளைக்கே அவர் வூட்டுக்குப் போறோம்."

போனோம். மாமா சிரித்தார். "இன்னா மாப்ள, என் பொழப்புல கணக்கு எடுக்க வந்துட்டியா? எடுத்துக்கோ" என்று தன் நோட்டையே தூக்கிக் கொடுத்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அபிஷேகப்பாக்கம், குருவிநத்தம் என்று வண்டியில் அலைந்தோம். எத்தனை ஏக்கர், எத்தனை போகம், ஏக்கருக்கு எத்தனை மணி நேரம் மிஷின் ஓடும், ஒரு மணி நேரத்துக்கு ஏஜென்ட் கமிஷன் எவ்வளவு? இவற்றைப் பெருக்கினால் மொத்தச் சந்தை. அதில் ஆப்பைத் தொடவே மாட்டேன் என்றவர்களைக் கழித்தோம். நெல்லை விற்றுப் பணம் வந்த பிறகுதான் வாடகை கொடுப்பேன் என்றவர்களையும் கழித்தோம். அவர்களுக்கு மாமா பொறுத்துக்கொள்கிறார், எங்களால் முடியாது. கடைசியில் எங்கள் கைக்கு எட்டும் என்று மிஞ்சிய வட்டம், இரண்டு பேர் சம்பளத்துக்குக்கூடக் காணாது. சுற்றியுள்ள கொம்யூன் பஞ்சாயத்துகளையும் சேர்த்துப் பார்த்தோம். ஊருக்கு ஊர் ஒரு மாமா இருந்தார்.

"கொஞ்சம் ஏத்திப் போடலாமா?" என்று கேட்டேன்.

"வேணாம்டா" என்றாள்.

அப்படியே கொண்டுபோனோம். போட்டி ஸ்லைடில் முதல் வரி உள்ளூர் ஏஜென்ட். கடன், நம்பிக்கை, மிஷின் பழுதானால் மாற்று வண்டி என்று அவர் பக்கம் மூன்று டிக். உடனே வாடகை தெரியும், வண்டி எங்கே வருகிறது என்று தெரியும் என்று எங்களுக்கு இரண்டு.

அந்தம்மா ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. லேப்டாப்பை மெல்ல எங்கள் பக்கம் திருப்பினார்.

"இது முழுசா நம்புற மாதிரி இருக்கு. நம்புறதாலதான் என்னால பணம் போட முடியல. தப்பா எடுத்துக்காதீங்க."

இதில் தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? வில்லியனூர் பஸ்ஸில் ஏறினோம். அரும்பார்த்தபுரம் தாண்டியதும் அவள் போனை எடுத்து, பழைய ஆபீஸ் மேனேஜருக்கு ஏதோ டைப் செய்தாள், அழித்தாள், மறுபடி டைப் செய்தாள்.

"திரும்ப எடுத்துப்பாங்களா?" என்று கேட்டேன்.

"தெரியலடா. என் எடத்துல ஆள் போட்டுட்டாங்க."

அந்தம்மாவாவது கேள்வி கேட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெரிய வட்டத்தைக் காட்டி வேலையை விட்டு வா என்று நான் கூப்பிட்டபோது, இவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.