சுவரில் ஏழு பச்சைப் பெயர்கள்

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. மேலாளரிலிருந்து லாரியில் சரக்கு ஏற்றுபவர்கள் வரை எல்லோருக்கும் அவள் ‘பட்டியல் அக்கா’. எந்த ஏணியை எப்போது சோதிக்க வேண்டும், எந்தத் தீயணைப்பான் எந்த மாதம் காலாவதியாகும், யாருடைய ஓட்டுநர் உரிமம் என்றைக்கு முடிகிறது என்று எதற்கும் அவளிடம் ஒரு பட்டியல் இருக்கும். பதினோரு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேதி பார்த்தவள். இப்படிப்பட்டவர்கள் கோட்டை விட்டால் சின்னதாக விடுவதில்லை.

சாப்பாட்டு அறைச் சுவரில் முதலுதவி தெரிந்தவர்களின் பலகை ஒன்று உண்டு. படம், பெயர், பக்கத்தில் ஒரு வட்டம். சான்றிதழ் செல்லும் என்றால் பச்சை, ஒரு மாதம்தான் மிச்சம் என்றால் மஞ்சள், முடிந்துவிட்டால் சிவப்பு. முதலுதவிச் சான்றிதழுக்கு அங்கே மூன்று வருட ஆயுள். அதற்குள் அடங்கிய சிபிஆருக்கு, அதாவது நின்றுபோன இதயத்துக்காக நெஞ்சை அழுத்தும் பயிற்சிக்கு, ஒரே வருடம். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பார்கள். மூளை மூன்று வருடம் ஞாபகம் வைத்திருக்கும், கை ஒரு வருடத்தில் மறந்துவிடும் என்று அவள்தான் விளக்கம் சொல்வாள்.

போன வருடம் பலகை முழுவதும் சிவப்பானது. பழையவர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். மூன்று பயிற்சி நிறுவனங்களை விசாரித்தாள். முதல் இரண்டும் ஒரே பதிலைச் சொன்னன. பாடத்தை வீட்டிலிருந்து படித்துக்கொள்ளலாம், ஆனால் ஆள் நேரில் வந்தே ஆகவேண்டும், தரையில் மண்டி போட்டுப் பொம்மையை அழுத்திக் காட்ட வேண்டும், பயிற்சியாளர் கண்ணால் பார்த்தால்தான் சான்றிதழ். மூன்றாவது நிறுவனத்தில் எல்லாமே கணினியில். இரண்டு மணி நேரம், பத்துக் கேள்வி, சான்றிதழ் அப்போதே மின்னஞ்சலில் வந்துவிடும். உற்பத்தியை ஒரு நாள் நிறுத்த முடியாது என்று மேலாளர் ஒற்றைக்காலில் நின்றார்.

அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசாங்கம் இணையத்தில் வைத்திருக்கிறது. பதிவு எண்ணைத் தட்டினால் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். எந்தப் பயிற்சிக்கு அங்கீகாரம், நேரில் தேர்வு உண்டா என்பதும் அதிலேயே இருக்கும். இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் அன்று சரக்குக் கணக்கெடுப்பு. நிறுவனத்தின் பக்கத்தில் தங்க முத்திரை பளபளத்தது, ‘முழு அங்கீகாரம் பெற்றது’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்தப் பிறகு வரவே இல்லை. புதிதாக ஏழு பேர் தேநீர் இடைவேளைகளில் பதில் தட்டினார்கள், பலகையில் ஏழு பெயர் பச்சையாக ஏறியது. சிவப்பாக மிஞ்சியது தரை துடைக்கும் அத்தையின் படம் ஒன்றுதான். முன்பு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தபோது வருடா வருடம் நேரில் பயிற்சி எடுத்தவர் அவர். தரை துடைப்பவருக்கு எதற்கு என்று மேலாளர் சொல்லிவிட, பட்டியல் அக்கா அந்தப் படத்தைக் கழற்றி இழுப்பறையில் போட்டாள்.

போன மாதம் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, இரண்டடி நடந்து விழுந்தார். அவள் ஓடிப்போனபோது பச்சை வட்டக்காரர்கள் மூன்று பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தான். இன்னொருவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடி தேடினான். பசை இயந்திர மெக்கானிக் மண்டி போட்டு நெஞ்சில் கை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். ஓட்டுநரின் வாய் எப்போதோ ஒரு முறை திறந்து காற்றை இழுத்தது. மூச்சு இருக்கிறது, அழுத்தினால் விலா முறிந்துவிடும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவளும் நின்றாள். அதை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

கிடங்கின் மறுகோடியிலிருந்து அத்தை துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தார். “அது மூச்சு இல்ல, இதயம் நின்னா வர்ற இழுப்பு. தள்ளுங்க. போனை ஸ்பீக்கர்ல போடு” என்றார். இரண்டு கையையும் கோத்து நெஞ்சின் நடுவே வைத்து அழுத்தத் தொடங்கினார். போனில் இருந்த பெண் இன்னும் ஆழமாக என்று சொல்லி எண்ணிக் கொடுத்தாள். ஆம்புலன்ஸ் வந்து மின் அதிர்ச்சி கொடுக்கும்வரை அத்தை நிறுத்தவில்லை. பிறகு கேமராவில் நேரம் பார்த்தார்கள். ஓட்டுநர் விழுந்ததற்கும் அத்தையின் கை அவர் நெஞ்சில் பட்டதற்கும் இடையில் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.

உயிர் தப்பியது. அன்று சாயங்காலம் அவள் பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்தாள். அப்படியொரு பதிவு இல்லை என்று வந்தது. விரல் தவறியிருக்கும் என்று மூன்று முறை தட்டினாள்.

மறுநாள் மெக்கானிக் அவள் மேசை முன் வந்து நின்றான். “அக்கா, நான் பத்துக்குப் பத்து வாங்கினேன். கை எங்க வைக்கணும்னு தெரியும். எவ்வளவு அழுத்தணும்னு என் கைக்குத் தெரியல. ஒரு பொம்மையக்கூட நான் தொட்டதில்லக்கா.” ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பள்ளிக்கூடத்தில் நூறு முறை எழுதியவள்தான் அவளும்.

பணியிடப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. மூன்றாவது கேள்வி: பணியிடத்தில் இருந்த முதலுதவியாளர்கள் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் நடப்புச் சான்றிதழ் பெற்றவர்களா? மேலாளர் கதவைச் சாத்திவிட்டு நயமாகப் பேசினார். அத்தையின் படத்தைத் திரும்ப மாட்டிவிடலாம், நம் முதலுதவியாளர்தான் காப்பாற்றினார் என்று எழுதலாம், அது பொய்யில்லையே என்றார். அத்தையின் அட்டை காலாவதியாகிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. அவள் இதை அத்தையிடம் சொன்னபோது அவர் சிரிக்கக்கூட இல்லை. “எனக்கே கை மறந்துபோச்சு. போன்ல அந்தப் பொண்ணு சொல்லலைன்னா மேலாப்புலதான் அழுத்தியிருப்பேன். என்னைப் படிக்க அனுப்புங்க, அப்புறமா படத்தை மாட்டுங்க” என்றார்.

வீட்டில் படுக்கையில் இருக்கும் மாமனார், கல்லூரியில் மகள், அவள் ஒருத்தியின் சம்பளம். உண்மையை எழுதினால் வேலை போகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். படிவம் நான்கு நாள் மேசையிலேயே கிடந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஐந்தாம் நாள் ஓட்டுநரின் மனைவி மருத்துவ விடுப்புக் காகிதங்களுடன் வந்தார். உட்கார்ந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க எல்லாருக்கும் பயிற்சி குடுத்து வச்சதாலதான் அவர் பொழைச்சாருன்னு மேனேஜர் சார் சொன்னார்ம்மா. என்னைப் பார்த்தா சிரிக்கிறாரு. என் பேரு மட்டும் அவருக்கு ஞாபகம் வரல. வந்துரும்னு சொல்றாங்க.”

அந்தக் கை அவள் கைமேல் சூடாக இருந்தது. இனிமேல் வாயை மூடிக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. போலி நிறுவனம், பார்க்காமல் விட்ட எண், சும்மா நின்ற மூன்று பேர், தான் கழற்றிய படம் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு நிமிடம் நாற்பது விநாடியையும் சொன்னாள்.

அந்த அம்மாள் மெல்லக் கையை எடுத்துக்கொண்டார். “அந்த ரெண்டு நிமிஷத்துலதான் என் பேரு போச்சா?”

“தெரியலங்க. டாக்டராலயும் சொல்ல முடியாது.”

அவர் அழுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மேசையில் கிடந்த படிவத்தைப் பார்த்தார்.

“இதுல இதெல்லாம் எழுதியாச்சா?”

“இன்னும் இல்லைங்க.”

“எழுதுங்க. நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன்.”

அவள் பேனாவை எடுத்தாள். மூன்றாவது கேள்விக்கு நேராக ‘இல்லை’ என்று எழுதினாள். காரணம் எழுதக் கீழே நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். அது போதாமல் தாளைத் திருப்பி எழுதினாள். எழுதி முடிக்கும்வரை அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை.