பார்க்காமல் விட்ட பத்தி

ஏஞ்சலின் டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறியவள். வேலைவாய்ப்பு அட்டையைப் புதுப்பித்துப் புதுப்பித்தே முப்பத்தெட்டு வயதுக்கு வந்துவிட்டாள். 2002 தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கையில், மந்தாரக்குப்பத்தில் ஷரீப் பாயின் அச்சகத்தில் கம்ப்யூட்டருக்கு ஆள் தேவைப்பட்டது. போனாள். கணவன் சைமன்ராஜ் சுரங்கத்தில் பர்மனென்ட். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, தீபாவளி வரைக்கும்தானே என்று விட்டுவிட்டான்.

துணிக்கடை ஒன்று வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுக்க பஸ் நேரப் பட்டியல் கேட்டிருந்தது. சட்டைப்பைக்குள் போகிற அளவில், மடித்த தாளாக.

"இது நல்லா வந்துச்சுன்னா வருஷா வருஷம் நமக்குத்தான் ஆர்டரு. நீங்களும் தீபாவளியோட போவ வேணாம்மா, இங்கயே இருந்துக்கலாம்" என்றார் பாய்.

வெள்ளைத்தாள் ஒன்றை நான்காக மடித்து மாதிரி செய்து பார்த்தாள். முன்னும் பின்னும் எட்டுப் பக்கம். ஒன்றில் கடை பெயர், ஒன்றில் விளம்பரம், மீதி ஆறில் ஊருக்கு ஒரு பத்தியாக ஆறு ஊர். எண்கள் மடிப்பில் விழுந்தால் பத்து நாளில் தேய்ந்துவிடும் என்று பத்திகளின் ஓரத்தில் இடம் விட்டாள். கடைக் கணக்கர் கொடுத்த கையெழுத்துப் பட்டியலில்தான் கோளாறு. போன வருடத்துத் தாளைப் பார்த்து எழுதியது. வடலூர்ப் பத்தியில் இருந்த ஐந்தே கால் பஸ் நின்று போய் ஆறு மாதமாகிறது.

மறுநாளிலிருந்து வேலைக்கு முன்னால் பஸ் நிலையத்தில் நோட்டுடன் நின்றாள். நாளுக்கு ஓர் ஊர். காலை பஸ்களைக் கண்ணால் பார்த்தாள். மற்ற நேரங்களைக் கண்டக்டர்களிடம் கேட்டு எழுதினாள்.

"இன்னா மேடம், செக்கிங்கா?" என்றார் ஒரு கண்டக்டர்.

"ஆமா. சில்லறை ஒழுங்கா குடுக்கிறீங்களான்னு."

அவர் சிரித்துவிட்டு, தன் ஆறு நடைக்கும் நேரம் சொன்னார். ஐந்து நாளில் ஐந்து பத்தி, பதினோரு திருத்தம். பாக்கி நெல்லிக்குப்பம்.

அன்று மாலை பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கஸ்தூரியம்மாள் வேலிக்கு மேலாகச் சைமன்ராஜைக் கேட்டாள். "இன்னா தம்பி, ஏஞ்சலினுக்கு பஸ் ஸ்டாண்டுலயா வேலை? தெனம் கண்டக்டருங்களோட பேசிக்கினு நிக்குதே."

அவன் உள்ளே வந்தான். "நாளைக்கு அங்க போய் நிக்கக் கூடாது."

"ஒரு ஊருதாங்க பாக்கி. உங்க அக்கா ஊருதான்."

"எந்த ஊரா இருந்தா என்ன? ஷிப்டுல நாலு பேரு என்னைக் கேக்கிறதுக்கா? நின்னா, வேலையும் வேணாம்."

அவள் நிற்கவில்லை. நெல்லிக்குப்பம் மட்டும் சரிபார்க்கவில்லை என்று பாயிடம் சொன்னாள். "ஒரு பத்திதானே, இருக்கட்டும். கடைக்காரர் உசிரெடுக்கிறாரு" என்றார். நேரங்கள் மாறக்கூடும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள். கடையின் இரண்டாவது போன் நம்பருக்கு இடம் வேண்டுமென்று அதையும் எடுத்துவிட்டார்கள். ஐயாயிரம் பிரதி.

அடுத்த ஞாயிறு சைமன்ராஜின் அக்கா மகளுக்கு நெல்லிக்குப்பத்தில் நிச்சயம். தாய்மாமன் தட்டு எடுக்க வேண்டும். ஏஞ்சலினுக்கு அச்சகத்தில் சீசன் வேலை. அவன் மட்டும் கிளம்பினான். தாளில் 8.10. எட்டுக்கே போய் நின்றான். அந்த பஸ்ஸை 7.50க்கு மாற்றி மூன்று மாதமாகியிருந்தது. அடுத்தது 10.40. அவன் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தட்டை வேறு யாரோ எடுத்திருந்தார்கள். "மாமன் சாப்பாட்டுக்கு வந்துட்டாரு" என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் சொன்னது அவன் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து தாளை மேஜையில் போட்டான். "இதுதான் நீ பாத்த லட்சணமா?"

"நான் பாக்காத பத்தி இது ஒண்ணுதான்."

அவன் மறுநாள் டியூட்டி முடிந்ததும் துணிக்கடைக்குப் போய், நான் பர்மனென்ட் எம்ப்ளாயி, யாரை ஏமாத்துறீங்க என்று கூட்டத்தின் நடுவில் கத்தினான்.

"வேற யாராச்சும் கத்தியிருந்தா நான் சமாளிச்சிருப்பேம்மா" என்றார் ஷரீப் பாய், அவள் முகத்தைப் பார்க்காமல். "உங்க வூட்டுக்காரரே போய்க் கத்தியிருக்காரு. அடுத்த வருஷம் ஆர்டர் கெடையாதுன்னுட்டாங்க. நாளையிலேர்ந்து வர வேணாம்." தீபாவளிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

சைமன்ராஜ் அந்தத் தாளைத் தூக்கியெறியவில்லை. மற்ற ஐந்து ஊருக்கும் நேரம் சரியாக இருந்தது. சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். கிறிஸ்துமஸுக்கு அக்காவைச் சமாதானப்படுத்தப் போக வேண்டியிருந்தபோது, அதையும் பேனாவையும் மனைவியிடம் நீட்டினான்.

"நெல்லிக்குப்பத்தை மட்டும் சரி பண்ணிக் குடு."

ஏஞ்சலின் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"எனக்குத் தெரியாதுங்க. பஸ் ஸ்டாண்டுல போய் நின்னாத்தான் தெரியும்."