கலரா வேணும்

எழில்மதியின் பிரிண்டரில் யாரும் ஒரு ரசீதுகூட எடுத்துவிட முடியாது. பேக்கரி முதலாளியே ஒருநாள் ஆதார் நகலோடு வந்து வெறுங்கையோடு திரும்பினார். பெட்டி பிரித்த நாளிலிருந்து அந்த இயந்திரத்துக்குள் சாப்பிடுகிற மை தவிர வேறெதுவும் போனதில்லை. ஒரே ஒரு தடவை சாதாரண மை ஏறிவிட்டால், அப்புறம் என்ன கழுவினாலும் அது கேக்குக்கு ஆகாது. காலையில் கடை திறந்ததும் ஆர்டர் இருக்கிறதோ இல்லையோ, நான்கு நிறத்திலும் ஒரு கீற்று அடித்துப் பார்ப்பாள். இல்லையென்றால் மை காய்ந்து துளைகள் அடைத்துக்கொள்ளும்.

கள்ளக்குறிச்சியில் அந்த பேக்கரியின் பின்பக்கம், எட்டுக்குப் பத்து அறை அவளுடையது. போன வருஷம் வரை, எட்டு வருஷம், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் இருந்த பேனர் கடையில் டிசைனர். கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் பார்த்த கை. எந்த முகம் வந்தாலும் அரை மணிக்குள் பேனர் ஆகிவிடும்.

அன்று வியாழக்கிழமை. மழை பிடித்துக்கொண்டிருந்தது. எட்டரைக்கு கேக் மாஸ்டர் ஆதிமூலம் கதவில் தலையை நீட்டினார்.

"எழிலு, அவசரம். பதினோரு மணி பஸ்ஸுல வெள்ளிமலைக்குப் போவணும். படம் உன் போனுக்கு வந்திருக்கும் பாரு. அம்மா படமாம். கலரா வேணும்னு அந்தப் பொண்ணு ரெண்டு வாட்டி சொல்லிச்சி."

"சர்க்கரை ஷீட்டு ரெண்டுதான் கீது மாஸ்டர். பார்சல் உளுந்தூர்பேட்டையிலயே நின்னுக்கினு இருக்குது."

"ஒண்ணு போதாதா உனக்கு?"

படத்தைத் திறந்தாள். சமையற்கூடத்தில் நிற்கும் ஒரு பெண்மணி. பின்னால் கரி படிந்த சுவர், கறுத்த முகம், கரும்பச்சைப் புடவை. ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும். மூக்குத்தி மட்டும் ஒரு பொட்டாக மின்னியது. கலரா வேண்டும் என்றால் எழில்மதிக்கு ஒரே அர்த்தம்தான். பேனர் கடையில் எட்டு வருஷம் கேட்ட சொல். கை தானாகப் போனது. முகத்தை வெளுத்தாள், கன்னத்தில் ரோஜா ஏற்றினாள், ஓரங்களை மெழுகினாள். சர்க்கரை ஷீட்டில் படம் இறங்கியது. சுத்தமான வேலை.

ஒன்பதேகாலுக்கு, ஆர்டர் கொடுத்திருந்த ராதிகா நனைந்த துப்பட்டாவோடு வந்தாள். இங்கே ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள். ஷீட்டைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

"இது யாருக்கா?"

"உங்க அம்மாதாம்மா. கலரா கேட்டியே."

"ஐயோ, நான் கலர்னு சொன்னது கலர் படம்க்கா! கடை முன்னாடி நீங்க மாட்டி வச்சிருக்கிற சாம்பிள் படம் கறுப்பு வெள்ளைல இருந்திச்சி. எங்கம்மாவுக்கும் அப்படியே அடிச்சிடுவீங்களோன்னு சொன்னேன். செவப்பா ஆக்கவா சொன்னேன்?"

ஆதிமூலம் மெதுவாக அடுப்படிப் பக்கம் நழுவினார்.

ராதிகா ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் அம்மா கொளஞ்சியம்மாள் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். இன்றோடு ஓய்வு. மூன்று மணிக்குப் பிள்ளைகளெல்லாம் கூடுகிறார்கள்.

"என் கல்யாணத்துக்கு பேனர் வச்சாங்கக்கா. அதுல அம்மாவ இதே மாதிரி வெள்ளையா ஆக்கிட்டாங்க. வாசல்ல நின்னு பாத்துட்டு, 'எல்லாரும் இருக்காங்க, என்னத்தான் காணோம்'னு சொன்னிச்சி. சிரிச்சிக்கினேதான் சொன்னிச்சி. அப்புறம் போட்டோவுக்கே நிக்கல. இந்தப் படமே திருட்டுத்தனமா எடுத்தது."

"பேனர் எங்க அடிச்சீங்க?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம், மாடியில. நாலு வருஷம் ஆவுது."

அந்த மாடியில் அப்போது டிசைன் போட்டது எழில்மதிதான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மிச்சம் ஒரு ஷீட். ஒன்றேமுக்கால் மணி நேரம்.

படத்தை அப்படியே அடித்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சாப்பிடுகிற மையின் கறுப்புக்கு அழுத்தம் போதாது. இருட்டான முகத்தில் அதைக் கொட்டினால் பச்சையும் ஊதாவுமாகத் திட்டாகும். மை ஜாஸ்தியானால் ஷீட் ஈரமாகிக் கசியும். வெளிச்சமும் இருட்டும் எங்கே பிரிகிறது என்று பார்க்க, முதலில் திரையில் படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றினாள். எழுந்து கதவோரம் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். முகம், புடவை, சுவர் மூன்றும் ஒரே சாம்பல்.

"பாத்தியா? கறுப்பு குத்தம் இல்ல. பின்னாடி இருக்கிற செவுருதான் குத்தம்."

சுவரை எடுத்துவிட்டு வெளிர்மஞ்சள் வைத்தாள். முகம் சட்டென்று முன்னால் வந்தது. கரும்பச்சைப் புடவையைக் கிளிப்பச்சை ஆக்கினாள். கழுத்து தனியாகத் தெரிந்தது. முகத்தின் ஆயிரம் நிழல்களை நாலாகக் குறைத்தாள்: அடர்ந்த காப்பிக்கொட்டை நிறம், செம்மண் நிறம், வெளிச்சம் பட்ட கன்னத்துக்கு வெல்ல நிறம், நாலாவதாக, மை படாத ஷீட்டின் வெள்ளை. ஆழமான இடங்களில் கறுப்பைக் கம்மி பண்ணி, சிவப்பும் மஞ்சளும் கலந்து அடர்த்தி கொண்டுவந்தாள். வரைந்த படம்போல ஆனது. ஆனால் தாடையும் நெற்றிச் சுருக்கமும் மாறவேயில்லை.

முகத்தை மட்டும் ஒரு துண்டு ரைஸ் பேப்பரில், சாப்பிடுகிற மாவுத்தாளில், அடித்துப் பார்த்தாள். அதில் நிறம் எப்போதும் மங்கித்தான் தெரியும், அதற்கு மனசுக்குள் கழித்துக்கொண்டாள். ராதிகா துண்டை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மா கோவமா இருந்தா இப்படித்தான் பாக்கும்" என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். தங்கப்பொடி. "மூக்குத்தி மேல போடுங்கக்கா. ஃபேன்சி ஸ்டோர்ல வாங்கினேன். விஷம் இல்லன்னு எழுதியிருக்கு."

எழில்மதி டப்பாவைத் திருப்பிப் படித்தாள். "விஷம் இல்லன்னுதான் போட்டிருக்கான். சாப்பிடலாம்னு எங்கயாவது போட்டிருக்கானா? உள்ள இன்னா கலந்துக்கீதுன்னும் இல்ல. பசங்க துன்றது இது. வளையலுக்குப் போட்டுக்கோ."

"அப்ப மூக்குத்தி?"

"மையே வேணாம்." மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு சிறு வட்டத்தை வெறுமையாக விட்டு, அதைச் சுற்றி மட்டும் காப்பிக்கொட்டை நிறத்தை ஏற்றினாள்.

கடைசி ஷீட் பத்தே முக்காலுக்கு முன்பே வெளியே வந்தது. அதிலிருந்து கொளஞ்சியம்மாள் பார்த்தார். வெள்ளைப் பொட்டு நிஜமாகவே மின்னியது. எட்டிப் பார்த்த ஆதிமூலம், "எங்க ஊர்ல பாக்கிற அம்மா மாதிரியே கீது" என்று சொல்லிவிட்டு, கேக் மேலே வைக்கக் கையை நீட்டினார்.

"கைய எடுங்க மாஸ்டர். மழ, வளைவு, ரெண்டரை மணி நேரம். க்ரீம் ஈரத்துல இப்பவே வச்சா மலையேறுறதுக்குள்ள மூஞ்சி ஒழுவிடும்." காற்று புகாத கவரில் போட்டு, இரண்டு அட்டைக்கு நடுவே கிடத்தினாள். "ராதிகா, வெட்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி கவரத் தெற. கைய நல்லாத் தொடச்சிக்கோ. பின்னால இருக்கிற பிளாஸ்டிக்க உரிச்சிட்டு, நடுவுல வச்சி வெளிப்பக்கமா மெல்லத் தடவு. சரியா?"

ராதிகா தலையாட்டினாள். பதினோரு மணிக்கு அவளும் கேக்கும் ஏறிய பஸ் கிளம்பியது.

நாலரைக்கு ராதிகாவிடமிருந்து வீடியோ வந்தது. மலைப் பனியில் ஒரு வகுப்பறை. நடுவில் மேஜை, சுற்றிலும் பிள்ளைகள். கொளஞ்சியம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். குனிந்தார். அவர் விரல் தன் மூக்குத்தியைத் தொட்டது. ஒரு குட்டிப்பெண் கத்தினாள்: "ஏய், நம்ம ஆயாடி!"

"ஆமா, நாந்தான்" என்றார் அவர். கத்தியை வாங்கினார். "மொகத்த எவனும் தொடக்கூடாது. புடவையிலருந்து வெட்றேன், வரிசையா நில்லுங்க."

எழில்மதி அதை மூன்று தடவை பார்த்தாள். நாலாவது தடவைக்குள் ஆதிமூலம் வந்துவிட்டார்.

"எழிலு, நாளைக்கு ஒரு மாப்பிள்ளை படம். கலரா வேணுமாம்."

"எந்தக் கலரு மாஸ்டர்?" என்றாள் எழில்மதி. "போன் பண்ணி நல்லாக் கேட்டுக்கினு வாங்க."